அகராதியோடு மல்லுக்கட்டும் வணிகப்பெயர்

ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயரே அந்தப் பொருள்வகை முழுவதற்கும் பொதுச்சொல்லாகிவிட்டால் அந்நிறுவனம் என்ன செய்யவேண்டும்? அகராதி தொகுப்பவருக்கு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புவது ஒரு வழக்கம். இதை அத்துமீறல் என்கிறோம். அதைவிட முக்கியமாக, வீண்வேலை என்கிறோம்.

சுவீடனின் மொழி மன்றம் ஆண்டுதோறும் புதுச்சொற்களின் பட்டியலொன்றை வெளியிடும். 2012ஆம் ஆண்டுப் பட்டியலில் 'ஓகூகில்பார்' என்ற சொல் இடம்பெற்றது. தேடுபொறியில் தேடியும் இணையத்தில் அகப்படாதது என்று பொருள். கூகிள் குறுக்கிட்டது. தன் தேடுபொறியில் அகப்படாதது என்று பொருளைக் குறுக்கவேண்டும். அது வணிகப்பெயர் என்ற குறிப்பும் சேரவேண்டும் என்றது. மன்றம் திருத்த மறுத்தது. 2013 மார்ச்சில் சொல்லையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்பதையும் ஊரறியச் சொன்னது. விளைவு, சுவீடிய மொழியறியாத நாங்களும் இன்று அச்சொல்லை அறிவோம்!

நிறுவனத்தின் அச்சம் பொய்யன்று. பெயர் பறிபோவதுண்டு, அகராதிகள் வழக்குமன்றத்தில் சான்றாவதும் உண்டு. ஆனால் பெயர் ஏன் பறிபோகிறது என்பதற்கு ஆஸ்பிரின் வழக்கைப் பார்க்கவேண்டும். பேயர் நிறுவனத்தின் அமெரிக்கக் காப்புரிமை 1917இல் முடிந்தது. மற்றவர்களும் அம்மருந்தைச் செய்யலாம் என்றானது. ஆனால் அவர்கள் அதை என்ன பெயரிட்டு விற்பது? அசிட்டைல் சாலிசிலிக் அமிலம் என்று தலைவலிக்காரன் கடையில் கேட்பானா? 1921இல் நீதிபதி லேர்னெட் ஹேண்ட் இரண்டாகப் பிரித்துத் தீர்ப்பளித்தார். வேதிப்பெயரை அறிந்த மருத்துவரிடத்தும் மருந்துக்கடைக்காரரிடத்தும் 'ஆஸ்பிரின்' இன்னும் பேயரின் பெயர்தான். பொதுமக்களிடத்தில் அது வெறும் மருந்தின் பெயர். மாற்றுச்சொல் இருந்த இடத்தில் உரிமை பிழைத்தது, இல்லாத இடத்தில் போயிற்று.

ஆகவே நிறுவனம் செய்யவேண்டியது ஒன்றே: பொருளுக்கு வாயில் நுழையும் ஒரு பொதுப்பெயரைத் தானே தரவேண்டும். தனியுரிமை இருக்கும்போதே, உறையிலும் விளம்பரத்திலும் தன் பெயருக்குப் பக்கத்தில் அதை அச்சிடவேண்டும். போட்டியாளனுக்குச் சொல் தானமா என்று கணக்கர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் தானம்தான் காப்பு.

மக்கள் வினைச்சொல்லாக்கிவிட்டார்களே என்ற புலம்பலும் தேவையற்றது. கூகிளுக்கு எதிரான வழக்கில் 2017இல் அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் இதைத் தெளிவாக்கியது. 'கூகிள் செய்' என்று எல்லோரும் சொல்வதாலேயே பெயர் பொதுவாகிவிடாது; அப்பெயர் எல்லாத் தேடுபொறிக்கும் பெயராகிவிட்டதா என்பதே கேள்வி. கூகிள் வென்றது. 'தேடுபொறி' என்ற சொல் பக்கத்திலேயே இருந்தது. சுவீடிய மன்றம் தன் பொருள்விளக்கத்தில் எழுதியிருந்ததும் அதே சொல்லைத்தான்.

நம்மூர் 'ஜெராக்ஸ்' கடைக்குள் நிற்கும் எந்திரம் பெரும்பாலும் வேறு நிறுவனத்தினது. 'நகலகம்' என்று பலகை எழுதிய கடைக்குள்ளும் வாடிக்கையாளர் "ரெண்டு ஜெராக்ஸ்" என்றுதான் கேட்கிறார். அவருக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது?