காரணம் ஒன்று, தீர்வு வேறு

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் இரண்டாவது எழுத்துப் பணிக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். நகரப் போக்குவரத்து நெரிசலுக்குக் காரணமும் தீர்வும் கேட்டால், பலர் முதலில் நல்ல காரணங்களாகவே இரண்டு சொல்கிறார்கள்: பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, பள்ளியும் அலுவலகமும் ஒரே வேளையில் தொடங்குகின்றன. அடுத்த பத்தியில் தீர்வாக வருவதோ மேம்பாலமும் விழிப்புணர்வும்! முன்பு சொன்ன காரணங்கள் கேட்பாரற்று நிற்கின்றன. அதிலும் இந்த 'விழிப்புணர்வு' இருக்கிறதே, குப்பை, புகை, உடல் பருமன் என்று எந்தத் தலைப்பிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேருந்தின் தாமதம்தான் காரணம் என்றால், தீர்வு அந்தத் தாமதத்தைக் குறைக்க வேண்டும். பேருந்துக்குத் தனித் தடம் ஒதுக்கினால் அது கார்களின் வரிசையில் சிக்காது. நேரத்துக்கு வரும் பேருந்தை நம்பிச் சிலராவது காரை வீட்டிலேயே விடுவார்கள். குறுகலான சாலையில் முழுநாளும் முடியாதுதான். காலை, மாலை நெரிசல் வேளையில் மட்டும் என்று எழுதலாம். அந்த வரம்பைச் சொல்லும்போதுதான் யோசனை நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. இரண்டாவது காரணத்துக்கு, பள்ளியை அரை மணி முன்னதாகத் தொடங்கலாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தீர்வையும் பார்த்து, 'மேலே சொன்ன எந்தக் காரணம் இதனால் குறையும்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தயங்காமல் அடித்துவிடுங்கள்.