கூட்டுத்தொகை சேர்ந்தால் போதுமா?

ஆண்டறிக்கையின் கடைசி வரியும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போனால் அறிக்கை சரி என்று கணக்கு பார்ப்பவர்கள் பலரும் நம்புகிறார்கள். நிரல் எழுதுபவர்களோ அந்த நம்பிக்கையை வேதவாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். இதைப்போல் ஏமாற்றும் சோதனை வேறில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில் நெல் வாங்கி விற்கும் குழு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை தை, மாசியில் வரும். பெரும்பணம் புரள்வது ஜனவரி முதல் மார்ச் வரை. 2023 ஏப்ரல்-டிசம்பரில் விற்பனை 3 லட்சம், 2024 ஜனவரி-மார்ச்சில் 5 லட்சம். அடுத்து ஏப்ரல்-டிசம்பரில் 2 லட்சம், 2025 ஜனவரி-மார்ச்சில், மகசூல் குறைந்ததால், 1 லட்சம். ஆக 2023-24இல் 8 லட்சம், 2024-25இல் 3 லட்சம். நிரலில் இருப்பதோ இது:

```sql
GROUP BY YEAR(tdate)
```

இந்த வரி 2024 ஜனவரியில் வந்த 5 லட்சத்தைப் பின்னால் வந்த 2 லட்சத்தோடு சேர்த்து, 7 லட்சத்தை ‘2024-25’ என்று தலைப்பிட்டுக் காட்டும். விளைச்சல் பொய்த்த ஆண்டு கொழித்த ஆண்டாகிவிடும். 2023-24க்கு 3 லட்சம்தான் மிஞ்சும். கடைசி 1 லட்சம் ‘2025-26’ என்று தனியே நிற்கும். மூன்றையும் கூட்டினால் 11 லட்சம்; புத்தகத்திலும் 11 லட்சம். தொகையை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றினால் கூட்டுத்தொகை எப்படி மாறும்?

“தேதியை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வடிகட்டிவிட்டோமே” என்பார்கள். நல்லதுதான். ஆனால் அதன்பிறகு `MONTH(tdate)` எண்ணால் வரிசைப்படுத்தினால், ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் தலையில் ஏறிக்கொள்ளும். மாதாமாதம் சேர்ந்துவரும் தொகைப் பத்தி அங்கேயே கெட்டுவிடும்; ஏப்ரல் வரியிலேயே அறுவடைப் பணம் முழுதும் ஏறியிருக்கும்.

ஆண்டு ஜனவரியில்தான் பிறக்கும் என்ற எண்ணம் நம் ஊர்களில் எப்படி ஒட்டியது என்பது வியப்பு. கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பசலிக் கணக்கு ஜூலை 1இல் தொடங்குகிறது. அரசின் வரவு செலவு 1867 முதல் ஏப்ரலில் தொடங்குகிறது. சித்திரைப் பிறப்பு தனி.

திருத்தமும் பெரிதல்ல. ஆண்டைப் பிரிக்கும்முன் தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளினால் போதும்:

```sql
YEAR(DATE_SUB(tdate, INTERVAL 3 MONTH))
```

மார்ச் 31 முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 ஆகும், ஏப்ரல் 1 ஜனவரி 1 ஆகும். எல்லை இயல்பாக விழும். மாத வரிசைக்கும் காலாண்டுக்கும் இதே தள்ளிய தேதிதான்.

கூட்டுத்தொகையைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மார்ச் 31க்கு ஒரு பதிவு, ஏப்ரல் 1க்கு ஒரு பதிவு போடுங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் விழுந்தால் அந்த அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.