மற்றொன்று விரித்தல்

"பத்திக்கு ஒரு தலைமை வாக்கியம் வேண்டும் என்பதெல்லாம் இங்கிலீஷ்காரன் பழக்கம். தமிழ் குற்றால அருவி மாதிரி கொட்ட வேண்டும்" என்பார் ஆய்க்குடியில் என் நண்பர் ஒருவர். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லிவிட்டார். அவற்றில் ஒன்று 'மற்றொன்று விரித்தல்'. அதாவது, எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றைப் பெருக்கிக்கொண்டு போவது.

இந்தக் குற்றத்தால் என்ன நஷ்டம் வரும் என்பதற்கு எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் மனுவே சாட்சி. அவர் எழுதியது இது:

"ஐயா, நான் மிகவும் கஷ்டப்படுகிறேன். மகன் திருப்பூரில் இருக்கிறான். ஜனவரி முதல் முதியோர் உதவித்தொகை வரவில்லை. பாஸ்புக்கில் வரவு இல்லை. எங்கள் தெருக் குழாயிலும் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை."

மனு குடிதண்ணீர் பார்ப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 'குழாய் சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. உதவித்தொகை வரவில்லை. மனு பிரிக்கிறவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணியில் இருந்தபோது நானும் மனுக்களைப் பிரித்து அனுப்பியவன்தான்.

கோளாறு முதல் வரியிலேயே இருக்கிறது. 'கஷ்டப்படுகிறேன்' என்பதன் கீழ் மகன், பணம், தண்ணீர் எல்லாமே அடங்கும். எதையும் வெளியே தள்ளாத வாக்கியம் பத்தியைக் கட்டுப்படுத்தாது. அதை இப்படி மாற்றினோம்: 'ஜனவரி முதல் எனக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை.'

பிறகு ஒவ்வொரு வரியையும் இதற்கு நேர் அடுத்து வைத்துப் படித்தோம். இது தலைமை வாக்கியத்தை விளக்குகிறதா, நிரூபிக்கிறதா? பாஸ்புக் நிரூபிக்கிறது, இருக்கட்டும். குழாய்க்கு இங்கே வேலையில்லை, அதற்குத் தனி மனு. மகன்? "அவனை எப்படி விடுவது?" என்றார் அண்ணாச்சி. மகன் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லித் தொகையை நிறுத்தியிருந்தால் மகன்தான் விஷயம். அப்போது அவனை நீக்கக்கூடாது, தலைமை வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: 'மகன் ஆதரிப்பதாகக் கருதி என் உதவித்தொகையை நிறுத்தியது சரியல்ல.' ஆனால் அப்படி யாரும் சொல்லவில்லை. அதனால் மகனை எடுத்துவிட்டோம்.

கடைசியாக ஒரு சோதனை. தலைமை வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு, மீதியை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இது எதைப் பற்றி?" என்று கேட்க வேண்டும். அவர் பேத்தியிடம் கொடுத்தோம். பழைய மனுவுக்கு "தண்ணி வரலை, தாத்தா" என்றாள். புதியதற்கு "உங்களுக்குப் பணம் வரலை" என்றாள்.

கதையும் கடிதமும் எழுதும்போது நண்பர் அருவியாகவே கொட்டட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. குறையைச் சொல்லித் தீர்வு கேட்கிற இடத்தில், அருவித் தண்ணீரும் வாய்க்காலில் போனால்தான் வயலுக்குப் பாயும். அண்ணாச்சி புது மனுவைப் போன திங்கட்கிழமை தென்காசியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.