ஆனைமங்கலச் செப்பேட்டுக்கு எத்தனை தேதி?

அண்மையில் நமக்கு வந்த ஆவண ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஒரே பழக்கத்தைக் காண்கிறோம். ஒரு செப்பேட்டை எடுத்துக்கொண்டு, அது தோன்றிய சூழல், நோக்கம், சார்பு என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். முழு ஆவணத்துக்கும் ஒரே தேதி, ஒரே நோக்கம், ஒரே சார்பு என்று வைத்துக்கொள்வதால் வரும் குறை இது. ஆனைமங்கலச் செப்பேட்டை இவ்வாறு அணுகினால் தேதியிலேயே இடறிவிடுவோம்.

நெதர்லாந்திலுள்ள லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் பெரிய செப்பேடு என்றும் வழங்கும் இத்தொகுப்பில் 21 ஏடுகள் உண்டு. கடாரத்து அரசர் மாரவிஜயோத்துங்கவர்மன் தம் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு, அருகிலிருந்த ஆனைமங்கலத்தின் வருவாயை முதலாம் ராஜராஜன் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தி இதில் உள்ளது. தமிழ்ப்பகுதி அவனது 21ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. ஆட்சி 985இல் தொடங்கியதாகக் கொண்டால் அது 1005–06. உடனே "1006இல் ராஜராஜன் வெளியிட்ட செப்பேடு" என்று எழுதிவிடுகிறோம்.

ஆனால் வளையத்தில் உள்ள முத்திரை ராஜேந்திரனுடையது. ராஜராஜனின் பட்டம் ராஜகேசரி, முத்திரையிலோ பரகேசரி. வடமொழிப்பகுதியும் ஒளிக்கவில்லை. தந்தை மறைந்தபின் மகன் அந்தக் கொடையை நிலைபெறச் செய்தான் என்று அதுவே கூறுகிறது. ஆக, 1005–06 என்பது கொடையின் தேதி. நம் கையிலிருக்கும் செப்பேட்டின் தேதி அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது. அரசன் வாயால் ஆணையிட்டது, ஓலையில் எழுதியது, வரிக்கணக்கில் ஏறியது, பெண் யானையை நடத்தி ஊரெல்லை காட்டியது, இறுதியில் செம்பில் வெட்டியது என ஒவ்வொன்றும் ஒரு தனி நிகழ்வு. எந்த நிகழ்வுக்கு ஆண்டு சொல்கிறோம் என்பதைக் கட்டுரை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

நோக்கத்திலும் இதே பிளவு உண்டு. வடமொழிப்பகுதி சூரியனில் தொடங்கிச் சோழர் குலவரிசையைப் பாடுகிறது; கடாரத்து அரசரையும் புகழ்கிறது. அது கேட்போர் அவைக்காக எழுதப்பட்டது. இதை வைத்து இரு நாட்டு நட்பை அளப்பவர்கள், 1025 வாக்கில் இதே ராஜேந்திரனின் படை கடல்கடந்து கடாரத்தைத் தாக்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புகழுரை அக்காலத்து அவை மரபைக் காட்டும். அரசன் மனத்தைக் காட்டுவதற்கு அது போதாது.

தமிழ்ப்பகுதிக்கு வேறு வேலை. எல்லை எது, எவ்வளவு நிலம், எவ்வளவு நெல் என்று பின்னாளில் வழக்கு வந்தால் காட்ட வேண்டிய பத்திரம் அது. அதிகாரிகள் பலர் பார்த்து ஒப்பிட்டது. அண்டை ஊரார் அறிய நடந்தது. எல்லையைத் தவறாகச் சொன்னால் பக்கத்து ஊரே தகராறுக்கு வரும். அதனால் எல்லை, வாய்க்கால், அதிகாரப் பதவிகள் ஆகியவற்றில் இதை நம்பலாம் என்பது என் முடிவு.

நெல் கணக்கில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 97 வேலிச் சொச்சம் நிலத்துக்கு 8,943 கலச் சொச்சம் நெல் காணிக்கடன் என்கிறது ஆவணம். வகுத்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகளுக்கான பங்கு ஒரு வேலிக்கு 100 கலம் என்று வகுக்கப்பட்டது. இரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கண்டதும் டெல்டாவின் விளைச்சல் கிடைத்துவிட்டதாகக் கொண்டாடுவது பெரும்பிழை. இவை விதித்த தொகைகள். களத்தில் எவ்வளவு குவிந்தது, வெள்ளம் வந்த ஆண்டில் எவ்வளவு குறைந்தது, உழுதவருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதை இந்தக் கணக்கு கேட்கவே இல்லை. கேட்காததற்குக் காரணம் வஞ்சகம் அல்ல. பள்ளிச்சந்தப் பத்திரத்துக்கு அது தேவைப்படவில்லை. சார்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: பொய்யாக அல்ல, எண்ணப்படாத நெல்லாக.

அடுத்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். செப்பேடாயினும் கல்வெட்டாயினும், மேற்கோள் காட்டும் வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று குறிப்பிடுங்கள். அந்தப் பகுதியை யார் எழுதச் சொன்னார், பிழை நேர்ந்திருந்தால் யாருக்கு நட்டம் என்பதை அந்த வரியை ஒட்டியே எழுதுங்கள்.