மிஞ்சிய காயில் மாவு வராது

இடைத்தரகரைத் தள்ளிவிட்டு விளைச்சலை நேராக வீடுகளுக்கு விற்க வேண்டும். விற்றது போக மிஞ்சியதை மாவாகவோ ஊறுகாயாகவோ மாற்றிவிட வேண்டும். அப்படிச் செய்தால் விவசாயிக்கு நட்டமே வராது. இந்த நம்பிக்கை இன்று மேடைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகிவிட்டது. இதில் இரண்டு பிழைகள் உள்ளன. தரகர் செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்காதது முதல் பிழை. மதிப்புக்கூட்டலை மிச்சம் போடும் தொட்டியாக நினைப்பது இரண்டாவது, முன்னதைவிடப் பெரிய பிழை. நேந்திரன் வாழையும் அதன் மாவும் இரண்டையும் தெளிவாகக் காட்டுகின்றன.

மண்டியில் வாழை தாராக விலைபோகிறது. மேல் சீப்பின் தடித்த காயும் நுனிச் சீப்பின் சிறுத்த காயும் ஒரே ஏலத்தில் சேர்ந்து போய்விடும். வாங்கியவர்தான் பின்னர் பிரிக்கிறார், தரம் பார்க்கிறார், பழுத்து வீணாவதைத் தாங்குகிறார். வீடுகளோ தாராக வாங்குவதில்லை. நல்ல சீப்பாகப் பார்த்துக் கேட்கின்றன. தரகரை நீக்கினால் அவருடைய கமிஷன் மட்டும் மிச்சமாவதில்லை, அவர் செய்த வேலைகளும் விவசாயியின் தோளுக்கு மாறுகின்றன. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது விவசாயிக்கு இடமும் தராசும் தரப்பட்டன. அந்த வசதி கிடைத்த பிறகும், விடியும் முன் காயைக் கொண்டுவந்து சேர்ப்பதும், விற்றுத் தீரும்வரை உட்கார்ந்திருப்பதும், விற்காததைத் திருப்பி ஏற்றுவதும் அவர் பாடாகவே இருந்தன.

ஒரு வெட்டுக்கு 16 தார், தார் ஒன்று பன்னிரண்டரை கிலோ, ஆக 200 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். மண்டி விலை கிலோ 20 ரூபாய், வீட்டு விலை 40 ரூபாய். நாற்பது வீடுகள் வீட்டுக்கு 2 கிலோ வீதம் வாங்கினால் 80 கிலோ போகும். மண்டியில் கிடைப்பதைவிட 1,600 ரூபாய் கூடுதலாக வருகிறது. வண்டி வாடகைக்கு 900, பைகளுக்கு 200 கழித்தால் நிற்பது 500. ஒரு நாள் முழுவதும் தெருத்தெருவாக அலைந்ததற்கான கூலி அது. மீதி 120 கிலோ களத்தில் கிடக்கிறது. நம்பிக்கையின் இரண்டாம் பாதி இங்கேதான் துணைக்கு அழைக்கப்படுகிறது: மாவாக்கு.

வாழை மாவுக்குத் தேவை முற்றிய பச்சைக் காய். பழுக்கத் தொடங்கிய காயில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. அப்படிப்பட்ட துண்டு எவ்வளவு காய்ந்தாலும் கையில் பிசுபிசுக்கும், அரவையில் உருளும், பொட்டலத்தில் கட்டிதட்டும். நான்கைந்து நாள் வாடிக்கையாளருக்காகக் காத்திருந்து மிஞ்சிய காய் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். விற்பனைக்குத் தவறியது மாவுக்கும் தவறிவிடுகிறது.

வெட்டிய அன்றே அரைக்க முடிவெடுத்தாலும் கணக்கு இனிப்பதில்லை. தோலும் காம்பும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு. 120 கிலோவில் கிடைக்கும் சதை 72 கிலோ. அது காய்ந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, மாவு 24 கிலோ. சீவவும் நறுக்கவும் இரண்டு பேர் கூலி 800, உலர்த்த 300, அரவைக்கு 240, பைக்கும் முத்திரைச் சீட்டுக்கும் 240, ஆக 1,580 ரூபாய். கிலோவுக்கு 66 ரூபாய்தான் அடக்கம் என்று பலர் கணக்கை இங்கேயே நிறுத்துகிறார்கள். காய்தான் மிச்சமாயிற்றே என்பது அவர்கள் வாதம். ஆனால் அன்றைக்கே மண்டிக்குப் போயிருந்தால் அந்தக் காய் 2,400 ரூபாய் தந்திருக்கும். அதைச் சேர்த்தால் அடக்கம் கிலோவுக்கு 166 ரூபாய். கடைக்காரர் விற்பனை விலையில் நூற்றுக்கு முப்பது எடுத்தால், 237 ரூபாய்க்கு விற்றால்தான் கைப்பணம் போகாமல் இருக்கும்.

24 கிலோ மாவு என்பது 48 அரைக்கிலோ பொட்டலம். வாரம் 2 கிலோ காய் வாங்கும் வீடு வாரம் ஒரு பொட்டலம் வாழை மாவு வாங்குவதில்லை. குழந்தைக்குக் கூழாகவோ, அடை மாவில் ஒரு கைப்பிடியாகவோ போவதால், ஒரு பொட்டலமே பல வாரம் வரும். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே அளவு மிஞ்சினால், காயாகத் தேங்கியது மாவாகத் தேங்கும்.

செய்முறையும் மன்னிப்பதில்லை. இரும்புக் கத்தி பட்டால் துண்டு கருத்துவிடும் என்பதால் எவர்சில்வர் கத்தி வேண்டும். நறுக்கியதை உடனே மோரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ போடாவிட்டால் காற்றுப்பட்டே பழுப்பேறும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளை 60 டிகிரி சூட்டில் காயவைத்து, வளைத்துப் பார்க்க வேண்டும். படக்கென்று ஒடிந்தால் பதம். தோல்வார் போல வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அரைத்துப் பையிலிட்டால் பூசணம் நாறும். சூடு ஆறும் முன் பொட்டலம் கட்டினாலும் உள்ளே வியர்த்து அதே கதிதான். விளைச்சல் குவிவது மழைக்காலமானால் வெயிலை நம்பியவருக்கு இந்தப் பதமே எட்டாது.

ஊறுகாயிலும் இதே மயக்கம் உண்டு. கோடைக் காற்றில் உதிர்ந்த மாங்காயை இலவசச் சரக்கு என்று எண்ணி மசாலாவில் போடுகிறார்கள். அடிபட்ட இடம் முதலில் குழைகிறது. அங்கிருந்து சாடி முழுவதும் கெடுகிறது. காய்க்குக் காசு கொடுக்கவில்லை, உண்மை. அதோடு கெட்ட நல்லெண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் காசு கொடுத்தாயிற்று.

ஆகவே பிரிக்க வேண்டிய நேரம் விற்பனைக்குப் பின் அல்ல, வெட்டுக்கு முன். அதே 16 தாரில் 8 தார் அன்றே முழுசாக மண்டிக்குப் போகட்டும். மற்ற 8 தாரைச் சீப்பாக்கினால் 80 கிலோ நல்ல காய் நாற்பது வீடுகளுக்கு ஆகும். நுனிச் சீப்பும் வடுப்பட்ட காயுமாக 20 கிலோ ஒதுங்கும். இதுதான் மாவுக்கான சரக்கு: தோற்றத்தால் விலைபோகாதது, ஆனால் முற்றிய பச்சைக் காய், அன்று வெட்டியது. தனியாக விற்றால் கிலோ 8 ரூபாய் தேறும் என்று வைத்தால், காய் 160, சீவும் கூலி 200, மற்றச் செலவு 120; கிடைக்கும் 4 கிலோ மாவுக்கு அடக்கம் கிலோ 120 ரூபாய். எட்டே பொட்டலம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும், தயாரித்த தேதியும் அச்சிட்டு, ஏற்கெனவே காய் வாங்கும் நாற்பது வீடுகளிலேயே அதை விற்றுவிடலாம். கடைக்காரர் பங்கு இல்லை. வாரம் எட்டுப் பொட்டலம் தீராமல் தங்கத் தொடங்கினால், அடுத்த வாரம் சீப்பாக்கும் தாரின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உலர்த்தும் பெட்டியைப் பெரிதாக்கக் கூடாது.