ஒரே டிக்கில் மூன்று நாளா?



அண்மையில் ஒரு மூன்று நாள் கல்வி மாநாட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் யார் பாஸை ஸ்கேன் செய்தாலும் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று சிவப்பில் வந்தது. வரிசை தெரு வரை நீண்டதும் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். விளைவு, 40 இருக்கை கொண்ட பயிலரங்கில் கண்டவர்களும் உட்கார, தனிக் கட்டணம் கட்டிப் பதிந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

‘சிஸ்டம் கோளாறு’ என்றார்கள். நான் ஒப்ப மாட்டேன். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. திங்கட்கிழமை போட்ட டிக்கைக் காட்டி, செவ்வாய்க்கிழமை வந்த பையனை எந்த ஆசிரியராவது திருப்பி அனுப்புவாரா?

பாஸுக்கு ஒரே டிக் போதாது. பாஸ் எண்ணோடு தேதியும் சேர்ந்து பதிவாக வேண்டும். அப்போது ஸ்கேனர் கேட்கும் கேள்வி ‘இன்று நுழைந்தாரா?’ என்பது மட்டுமே. சாப்பிட வெளியே போகும்போதும் ஸ்கேன் செய்தால், திரும்பி வருபவர் தடையில்லாமல் நுழையலாம். உள்ளே இருப்பவரின் பாஸை வாங்கி வேறொருவர் நுழைய முயன்றால் மாட்டிக்கொள்வார்.

பயிலரங்கு வேறு கணக்கு. பெரிய வாசலைத் தாண்டியவர் எல்லாம் அந்த அறைக்கு உரியவர் அல்லர். அறை வாசலில் அந்தப் பயிலரங்கின் பட்டியலோடு தனியாகச் சரிபார்க்க வேண்டும். தொடங்கிப் பத்து நிமிடம் கழித்தும் காலியாக உள்ள இடத்தைக் காத்திருப்போருக்குக் கொடுங்கள்.

விழா நடத்தும் என் மாணவர்களே, ஒரே பாஸை இரண்டு தேதிகளில் ஸ்கேன் செய்து பார்க்காமல் வாசலைத் திறக்காதீர்கள்.