கடிகாரமா, நோட்டீஸ் போர்டா?

நண்பன் ஒருத்தன் வெயார் ஓ.எஸ். வோட்சுக்கு முகப்பு ஒன்று செய்து, "எப்பிடி இருக்கு, சொல்லு" எண்டு அனுப்பினான். ஸ்கிரீன்ஷொட்டில் பார்க்க வடிவாத்தான் இருந்தது. கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு கையால் கம்பியைப் பிடிச்சபடி மற்றக் கையைத் திருப்பிப் பார்த்தால், நேரத்தைத் தேடவேண்டி இருந்தது. கடிகாரத்தில் நேரத்தைத் தேடுறது என்ன நியாயம்?

அந்தத் திரை 450க்கு 450 பிக்சல், வட்டம், குறுக்களவு ஏறத்தாழ 3.5 சென்ரிமீற்றர். நடுவில் நேரம், 54 பிக்சல் உயரத்தில், மெல்லிய எழுத்தில். அதாவது 4 மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். சுற்றிவர எட்டுத் தகவல்கள்: காலடி, இதயத் துடிப்பு, பற்றரி, வெப்பநிலை, திகதி, சூரிய உதயம், வாசிக்காத செய்திகள், கலோரி. நேரம் ஒன்பதாவது ஆள்.

அவன்ர வாதம் எல்லாரும் சொல்றதுதான்: "நேரம் போனிலயும் பார்க்கலாம் மச்சான், வோட்ச் மற்றத் தகவலுக்குத்தான்." இல்லை. 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 12 பேர் ஸ்மார்ட் வோட்ச் பாவிக்கிறதை உடம்பில் மாட்டின கமராக்களால் பதிவு செய்தார்கள். சராசரியா ஒரு நாளைக்கு 95 தடவை பார்க்கிறார்கள், ஒரு தடவைக்கு 7 செக்கனும் இல்லை. அதில் பாதியளவு நேரம் பார்க்கத்தான். அந்தப் பாதிக்கு 4 மில்லிமீற்றர், மிச்சத்துக்கு முழு வட்டம் எண்டு பங்கு பிரிக்கிறது கணக்கே இல்லை.

எட்டுத் தகவல் எண்டதைக்கூட மன்னிக்கலாம். இடைவெளியை மன்னிக்க ஏலாது. கீழ் வரிசையில் இதயப் படம், பிறகு 72, பிறகு பற்றரிப் படம், பிறகு 84. படத்துக்கும் அதன் எண்ணுக்கும் நடுவில் 10 பிக்சல். அந்த எண்ணுக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 8. கண் கிட்ட இருக்கிறதைத்தான் சோடி சேர்க்கும். அதனால் எனக்கு இதயம் தனியே நிக்க, பற்றரி 72 எண்டு தெரிந்தது. இரண்டும் ஈரிலக்கம், ஒரே அளவு, ஒரே நிறம், பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இதைச் சொன்னதும் அவன் ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி கீறித் திருப்பி அனுப்பினான். இப்ப எட்டு எண்ணோட எட்டுப் பெட்டியும் சேர்த்து வாசிக்கவேண்டி இருக்கு! பிரிக்கிறதுக்குக் கோடு தேவையில்லை. சோடிக்குள்ள 6 பிக்சல், சோடிகளுக்கு நடுவில் 40. வேலை முடிஞ்சுது. ஆனா அந்த 40க்கு இடம் வேணுமெண்டால் எட்டு மூன்றாக வேணும். அதுதான் அவனுக்குக் கசக்குது.

அடுத்தது கறுப்பு. "வெறுமையா இருக்கு" எண்டு பின்னணிக்குக் கரும்சாம்பல், #1A1A1A, போட்டிருக்கிறான். ஓஎல்இடி திரையில் #000000 எண்டால் அந்தப் பிக்சல் அணைஞ்சே கிடக்கும். சாம்பல் எண்டால் ஒவ்வொன்றும் எரியும், இருட்டில் திரையின் விளிம்பும் தெரியும். (எல்சிடி வோட்சில் பின்விளக்கு எப்பிடியும் எரியும், அங்க இந்தச் சேமிப்பு இல்லை.)

பெரிய சேதம், கையை இறக்கின பிறகும் மங்கலா எரியுற நிலையில். அந்த நிலையில் 15 சதவீதப் பிக்சலுக்கு மேல் எரியவிடாதே எண்டு கூகிளின் வழிகாட்டல் சொல்லுது. இவன் விளிம்பைச் சுற்றி 12 பிக்சல் அகலத்தில் வெள்ளை வளையம் ஒன்றை விட்டிருக்கிறான். முழு வட்டத்தில் ஏறத்தாழ 159,000 பிக்சல். வளையம் மட்டும் 16,500. பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு அலங்காரத்துக்கே போட்டுது. அதோட வளையம் நாள் முழுக்க ஒரே இடத்தில் எரிஞ்சால் திரையில் தழும்பு விழவும் கூடும்.

இதுக்காக எல்லாத்தையும் மங்கலாக்கச் சொல்லேல்லை. திகதியை #666666இல் எழுதியிருக்கிறான். அறைக்குள்ள நாகரிகமா இருக்கு, மத்தியான வெயிலில் திகதியே இல்லை. இருட்டா இருக்கவேண்டியது பின்னணி, எழுத்தில்லை.

நான் திருத்திப் பார்த்தது இப்பிடி: நேரம் 130 பிக்சல் உயரம், தடிச்ச எழுத்து, அதாவது ஒரு சென்ரிமீற்றர். மேல திகதி, கீழ பற்றரியும் காலடியும். மிச்சமெல்லாம் கறுப்பு. அடுத்த நாள் அதே பஸ்ஸில் கையைத் திருப்பின உடனே 7:42 எண்டு தெரிந்தது.

இதயத் துடிப்பு கட்டாயம் வேணுமெண்டு அவன் இன்னும் நிக்கிறான். சரி, காலடியை எடுத்துப்போட்டு அதை வை. ஆனா அந்த வளையம் போகவேணும்.